யூதர்கள் தினமும் இருமுறை வாசிக்கும் ஷெமா

கேள்வி: மாற்கு 12-ல் "இஸ்ரவேலே கேள்" என்று தொடங்கும் வசனத்தைத்தான் இயேசு முதல் கட்டளை என்கிறார். இது யூதர்களின் தினசரி ஜெபம் என்றும் சொல்கிறார்கள். உபாகமத்தில் இருக்கும் ஒரு வசனம் எப்படி ஜெபம் ஆனது? எப்போது, எப்படிச் சொல்கிறார்கள்? எபிரேயத்தில்தான் சொல்ல வேண்டுமா?

யூதர்களின் ஜெபப் புத்தகத்தைத் திறந்தால் காலைப் பகுதியிலும் மாலைப் பகுதியிலும் இந்த "இஸ்ரவேலே கேள்" வாசகம், அதாவது ஷெமா, இருக்கும். ஆனாலும் யூத மரபு அதை ஜெபம் என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "கிரியத் ஷெமா", அதாவது ஷெமா வாசிப்பு. ஜெபம் என்று அவர்கள் சொல்வது அதைத் தொடர்ந்து வரும் "அமிதா"வை. எழுந்து நின்று, எருசலேம் இருக்கும் திசையை நோக்கி, கடவுளிடம் நேரடியாகப் பேசுவது அது. ஷெமாவில் கடவுளிடம் எதுவும் கேட்கப்படுவதில்லை. யோர்தானுக்குக் கிழக்கே மோவாப் சமவெளியில், சாகும் தறுவாயில் மோசே மக்களுக்குச் சொன்ன வார்த்தை அது. பேசுகிறவர் மோசே, கேட்கிறவர்கள் இஸ்ரவேலர். இன்று அதை வாசிக்கிற யூதரும் தன் காதுக்கும் தன் ஜனத்துக்கும்தான் அதைச் சொல்லிக்கொள்கிறார். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால், ஷெமாவைச் சுற்றியுள்ள விதிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

முதலில், வாசிக்கப்படுவது என்ன? உபாகமம் 6:4 மட்டும் அல்ல. மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது உபாகமம் 6:4 முதல் 9 வரை. "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்ற அறிக்கையும், முழு இருதயத்தோடும் முழு ஆத்துமாவோடும் முழுப் பலத்தோடும் அன்புகூரச் சொல்லும் கட்டளையும் இதில் வருகின்றன. இரண்டாவது உபாகமம் 11:13 முதல் 21 வரை. கட்டளைகளைக் கைக்கொண்டால் ஏற்ற காலத்தில் முன்மாரியும் பின்மாரியும் பெய்யும், வேறு தேவர்களின் பின்னால் போனால் வானம் அடைபடும் என்று அது எச்சரிக்கிறது. மூன்றாவது உபாகமத்திலேயே இல்லை. எண்ணாகமம் 15:37 முதல் 41 வரை. வஸ்திரத்தின் ஓரங்களில் தொங்கல்கள் கட்ட வேண்டும் என்ற கட்டளையும், எகிப்திலிருந்து வெளியே கொண்டுவந்த கர்த்தர் நானே என்ற வாக்கும் அதில் உள்ளன.

தோராவின், அதாவது மோசேயின் ஐந்து நூல்களின், வரிசைப்படி பார்த்தால் எண்ணாகமப் பகுதிதான் முதலில் வர வேண்டும். அதை ஏன் கடைசியில் வைத்தார்கள்? கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில் ரபி யெஹோஷுவா பென் கொர்ஹா இந்த வரிசைக்குக் காரணம் சொல்கிறார். மனிதன் முதலில் பரலோக ராஜ்யத்தின் நுகத்தைத் தன்மேல் ஏற்க வேண்டும், அதன் பிறகே கட்டளைகளின் நுகத்தை ஏற்க வேண்டும் என்பதால் முதல் பகுதி இரண்டாவதற்கு முன்னால் வருகிறது; இரண்டாவது இரவும் பகலும் பொருந்தும், மூன்றாவது பகலில் மட்டுமே பொருந்தும் என்பதால் அது கடைசி என்பது அவர் விளக்கம். முதல் பகுதி யார் ராஜா என்பதை ஒப்புக்கொள்கிறது. இரண்டாவது அந்த ராஜாவின் சட்டத்தை ஏற்கிறது. ஷெமா வாசிப்பதையே யூத நூல்கள் "பரலோக ராஜ்யத்தின் நுகத்தை ஏற்பது" என்றுதான் குறிப்பிடுகின்றன.

தமிழ் வேதாகமத்தில் இந்த இரண்டு பகுதிகளையும் அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள். முதல் பகுதி "நீ" என்று ஒருமையில் பேசுகிறது. இரண்டாவது பெரும்பாலும் "நீங்கள்" என்று பன்மைக்கு மாறிவிடுகிறது. முதலாவதில் பலனும் இல்லை, தண்டனையும் இல்லை. அன்பு மட்டுமே கேட்கப்படுகிறது. மழை, பஞ்சம் என்ற பேச்செல்லாம் சமுதாயம் முழுவதையும் பார்த்துப் பேசும் இரண்டாம் பகுதியில்தான். கீழ்ப்படிந்தால் மழை, மீறினால் பஞ்சம் என்ற இந்தக் கணக்கை ஏற்கத் தயங்கியதால், சீர்திருத்த யூதர்களின் பல ஜெபப் புத்தகங்களில் இரண்டாம் பகுதி விடப்பட்டிருக்கிறது. பழைமை வழுவாத யூதர்கள் மூன்றையும் முழுமையாக வாசிக்கிறார்கள்.

இனி நேரம். "படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் அவைகளைக் குறித்துப் பேசி" என்று 6:7 சொல்கிறது. படுக்கும் நேரத்தில் ஒன்று, எழும் நேரத்தில் ஒன்று என ரபிகள் இதிலிருந்து இரண்டு வாசிப்புகளை எடுத்தார்கள். யூத நாள் சூரியன் மறையும்போது தொடங்குவதால் மாலை வாசிப்பே அந்த நாளின் முதல் வாசிப்பு. மிஷ்னா என்ற பெருந்தொகுப்பின் முதல் கேள்வியே "மாலையில் ஷெமாவை எப்போதிலிருந்து வாசிக்கலாம்?" என்பதுதான். ஆசாரியர்கள் தங்கள் காணிக்கை உணவைச் சாப்பிடப் போகும் நேரத்திலிருந்து, அதாவது நட்சத்திரம் தெரியத் தொடங்கியதும், என்று அங்கேயே பதிலும் வருகிறது. எதுவரை என்பதில்தான் கருத்து வேறுபாடு. இரவின் முதல் ஜாமம் முடியும்வரை என்கிறார் ரபி எலியேசர். நள்ளிரவு வரை என்கிறார்கள் மற்ற அறிஞர்கள். கிழக்கு வெளுக்கும்வரை என்கிறார் ரபான் கமாலியேல்.

அடுத்த வரியிலேயே ஒரு வீட்டுச் சம்பவம் வருகிறது. கமாலியேலின் பிள்ளைகள் கல்யாண விருந்து முடிந்து நடுநிசிக்கு மேல் வீடு திரும்புகிறார்கள். "நாங்கள் இன்னும் ஷெமா வாசிக்கவில்லை" என்கிறார்கள். "இன்னும் விடியவில்லை என்றால் வாசித்தே ஆக வேண்டும்" என்கிறார் தகப்பன். மனிதன் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டுக் கடமையைத் தவறவிட்டுவிடக் கூடாது என்பதற்காகவே மற்றவர்கள் நள்ளிரவு என்று வேலி போட்டார்கள் என்றும் மிஷ்னா விளக்குகிறது. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். ஒரு பெரிய சட்டத் தொகுப்பு, தாமதமாக வீடு வந்த பிள்ளைகளின் கதையோடு தொடங்குகிறது.

காலை வாசிப்பு, நீல நூலையும் வெள்ளை நூலையும் கண்ணால் பிரித்தறியும் அளவுக்கு வெளிச்சம் வந்ததும் தொடங்கலாம். மூன்றாம் மணி முடிவதற்குள் முடிக்க வேண்டும். ராஜகுமாரர்கள் மூன்றாம் மணிக்கு எழுவது வழக்கம் என்று ரபி யெஹோஷுவா இதற்குக் காரணம் சொல்கிறார். இங்கே மணி என்பது 60 நிமிடம் அல்ல. பகல் நேரத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. அதனால் கோடையில் அது நீளும், குளிர்காலத்தில் சுருங்கும்.

பகல் எங்கே தொடங்குகிறது என்பதிலும் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. காலை 6:00-க்கு உதயம், மாலை 6:00-க்கு அஸ்தமனம் என்று ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். வில்னா காவோன் என்ற யூத அறிஞரின் கணக்கில் பகல் என்பது உதயம் முதல் அஸ்தமனம் வரை. ஒரு பங்கு 60 நிமிடம், எனவே கெடு 9:00. மாகென் அவ்ராஹாம் என்ற யூதச் சட்ட உரைநூலின் கணக்கில் பகல் என்பது கிழக்கு வெளுப்பது முதல் இரவு இறங்குவது வரை. உதயத்துக்கு முன்னால் 72 நிமிடம், அஸ்தமனத்துக்குப் பின்னால் 72 நிமிடம் சேர்ப்பது பரவலான வழக்கம். அப்போது பகல் 4:48-க்குத் தொடங்கி 7:12-க்கு முடிகிறது. மொத்தம் 864 நிமிடம். பன்னிரண்டில் ஒரு பங்கு 72 நிமிடம். மூன்று பங்கு 3 மணி 36 நிமிடம். கெடு 8:24 ஆகிவிடுகிறது. ஒரே நாளில் 36 நிமிட வித்தியாசம். யூத நாட்காட்டிகள் பலவற்றில் இந்த இரண்டு நேரங்களும் தனித்தனியாக அச்சாகியிருக்கும். கவனமுள்ளவர் முந்தைய நேரத்தைப் பார்த்துக்கொள்வார். ஜெப ஆலயத்தில் கூட்டு ஜெபம் தாமதமாகும் என்று தெரிந்தால், வீட்டிலேயே ஷெமாவை மட்டும் முன்கூட்டி வாசித்துவிட்டுப் போவார். கெடு தாண்டியவரைப் பற்றி மிஷ்னா சொல்வதும் கவனிக்க வேண்டியது: அவருக்கு நஷ்டமில்லை, தோராவை வாசிக்கிற ஒருவரைப் போல அவரும் வாசிக்கலாம். நேரத்தோடு கட்டப்பட்ட கடமை கைவிட்டுப் போனாலும், வேதத்தை வாசித்த பலன் அவரிடம் இருக்கிறது.

எந்த நிலையில் வாசிப்பது என்பது அடுத்த வாதம். "படுத்துக்கொள்ளுகிறபோது" என்றால் மாலையில் சாய்ந்தபடிதான் வாசிக்க வேண்டும், காலையில் நின்றபடி என்றது ஷம்மாய் பள்ளி. அந்த வார்த்தைகள் நேரத்தைத்தான் குறிக்கின்றன, அவரவர் இருக்கிற நிலையிலேயே வாசிக்கலாம் என்றது ஹில்லேல் பள்ளி. ரபி தர்ஃபோன் ஒருமுறை பிரயாணத்தில் ஷம்மாய் முறைப்படி வழியிலேயே சாய்ந்து வாசித்து, கொள்ளையர்களால் ஆபத்துக்கு உள்ளானதாகத் தானே சொல்கிறார். கேட்டவர்கள் அனுதாபம் காட்டவில்லை. ஹில்லேல் பள்ளியின் தீர்ப்பை மீறியதால் உனக்கு அது தகும் என்றார்கள். வழக்கமாக நிலைத்தது ஹில்லேல் முறையே. வேலைக்காரர்கள் மரத்தின் உச்சியிலோ கட்டிக்கொண்டிருக்கும் சுவரின் மேலோ நின்றபடியே ஷெமா வாசிக்கலாம் என்று மிஷ்னா அனுமதிக்கிறது. ஆனால் அமிதாவை அங்கே சொல்லக் கூடாது, இறங்கி வர வேண்டும். வாசிப்புக்கும் ஜெபத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் விதி எனக்குத் தெரிந்து இல்லை.

காலையில் ஒருவர் வாசிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இப்படி இருக்கும். தோளில் தாலித் போர்வை. இடது கையிலும் நெற்றிக்கு மேலும் தெஃபிலின் என்ற கறுப்புத் தோல் பெட்டிகள் (இடது கைப் பழக்கம் உள்ளவர் வலது கையில் கட்டுவார்). அந்தப் பெட்டிகளுக்குள் தோலில் எழுதிய நான்கு வேதப் பகுதிகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு ஷெமாவின் முதல் இரண்டு பகுதிகளேதான். வாசல் நிலையில் பதிக்கும் மெசுசாவுக்குள் இருப்பதும் அதே இரண்டு. ஷெமாவுக்கு முன்னால் இரண்டு ஆசீர்வாதங்கள் உண்டு. ஒன்று ஒளியைப் படைத்தவரைப் பற்றியது, இன்னொன்று தோராவைத் தந்த அன்பைப் பற்றியது. இரண்டாவதில் "பூமியின் நான்கு மூலைகளிலிருந்தும் எங்களைச் சமாதானத்தோடு கொண்டுவாரும்" என்ற வரி வரும்போது போர்வையின் நான்கு மூலைத் தொங்கல்களையும் திரட்டி இடது கையில் பிடித்துக்கொள்கிறார். பிறகு வலது கையால் கண்களை மூடிக்கொண்டு "ஷெமா இஸ்ராயேல் அதோனாய் எலோஹேனு அதோனாய் எகாத்" என்று சத்தமாகச் சொல்கிறார். "கையின்மேல் அடையாளமாகக் கட்டிக்கொள்வாயாக" என்ற இடத்தில் கைப் பெட்டியையும், "கண்களுக்கு நடுவே" என்ற இடத்தில் தலைப் பெட்டியையும் தொட்டு விரலை முத்தமிடுவது வழக்கம். மூன்றாம் பகுதியில் தொங்கல்கள் என்ற சொல் வரும் ஒவ்வொரு முறையும் கையிலுள்ள நூல்களை முத்தமிடுகிறார்.

கண்ணை மூடுவது வெறும் சடங்கு அல்ல. முதல் வசனத்தைச் சொல்லும்போது மனம் அங்கே இல்லை என்றால் கடமை நிறைவேறாது. மீண்டும் சொல்ல வேண்டும். மற்ற வசனங்களில் கவனம் சற்றுச் சிதறினாலும் வாசிப்பு செல்லும். மிஷ்னாவை விரித்து விளக்கும் தல்மூத்தில் இதற்கு ஒரு சம்பவம் இருக்கிறது. மிஷ்னாவைத் தொகுத்த ரபி யெஹூதா ஹநாசி மாணவர்களுக்கு இடைவிடாமல் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். "ஆசிரியர் பரலோக நுகத்தை ஏற்பதை நான் பார்க்கவே இல்லையே" என்று ராவ் என்ற மாணவர் தன் மாமா ரபி ஹிய்யாவிடம் கேட்கிறார். "அவர் கையை முகத்தின்மேல் கொண்டுபோகும் அந்த நொடியில் ஏற்கிறார்" என்கிறார் ஹிய்யா. பாடத்தின் நடுவே கண்களை மறைத்து, ஒரே ஒரு வசனம், உடனே பாடத்துக்குத் திரும்பிவிடுவார்.

முதல் வசனம் முடிந்ததும் தாழ்ந்த குரலில் ஒரு வரி வரும்: "அவருடைய ராஜ்யத்தின் மகிமையுள்ள நாமம் என்றென்றைக்கும் ஸ்தோத்திரிக்கப்படுவதாக." இது உபாகமத்தில் கிடையாது. பிறகு ஏன் இங்கே? தல்மூத் சொல்லும் கதை இது. யாக்கோபு மரணப் படுக்கையில் தன் பிள்ளைகளில் யாராவது வழி தவறியிருப்பானோ என்று கலங்குகிறார். யாக்கோபின் மறுபெயர் இஸ்ரவேல் என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் சுற்றி நின்று, "இஸ்ரவேலே, கேளும். உம்முடைய இருதயத்தில் ஒருவரே இருப்பதுபோல எங்கள் இருதயத்திலும் ஒருவரே" என்கிறார்கள். நிம்மதியடைந்த தகப்பன் பதிலாகச் சொன்ன வார்த்தை அந்த வரி. சொல்லலாம் என்றால் மோசே அதை எழுதவில்லை, விட்டுவிடலாம் என்றால் யாக்கோபு சொல்லியிருக்கிறார். அதனால் மெல்லச் சொல்வதென்று தீர்மானித்தார்கள். வருடத்தில் யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாளில் மட்டும் சபை முழுவதும் அதை உரத்துச் சொல்லும்.

வாசிப்பு என்பதால் உச்சரிப்பிலும் கண்டிப்பு உண்டு. "பெகோல் லெவவ்கா" (முழு இருதயத்தோடும்) என்ற இடத்தில் முதல் சொல் ல் ஒலியில் முடிகிறது, அடுத்த சொல் அதே ஒலியில் தொடங்குகிறது. அவசரத்தில் இரண்டும் ஒட்டி ஒரு ஒலி விழுங்கப்பட்டுவிடும். இப்படி ஒட்டிக்கொள்ளும் சொல் ஜோடிகளைத் தல்மூத் பட்டியலிட்டு, இடையில் சற்று நிறுத்தச் சொல்கிறது. வேகமாக வாசிக்கிறவர் வழுக்குவது இந்த இடங்களில்தான். கூர்ந்து கேட்டால் உடனே தெரியும்.

ஒரு காலத்தில் இந்த மூன்று பகுதிகளுக்கு முன்னால் பத்துக் கட்டளைகளும் இருந்தன. எருசலேம் தேவாலயத்தில் ஆசாரியர்கள் தினமும் காலையில் பத்துக் கட்டளைகளையும் ஷெமாவின் மூன்று பகுதிகளையும் சேர்த்தே வாசித்தார்கள் என்று மிஷ்னாவின் தாமித் பகுதி பதிவு செய்கிறது. கி.மு. 2-ம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகப் பொதுவாகக் கணிக்கப்படும் நாஷ் பாபிரஸ் என்ற ஏடு எகிப்திலிருந்து கிடைத்தது. இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அந்த ஒற்றை ஏட்டில் பத்துக் கட்டளைகள் முடிந்ததும் ஷெமா தொடங்குகிறது. தோராவில் இந்த இரண்டும் அடுத்தடுத்து வருவதில்லை, இடையில் வேறு வசனங்கள் உண்டு. ஆகவே அந்த ஏடு வழிபாட்டுக்காகவோ படிப்புக்காகவோ எழுதப்பட்டது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பிற்காலத்தில் சில பிரிவினர், சீனாயில் கொடுக்கப்பட்டவை இந்தப் பத்து மட்டுமே என்று வாதிக்கத் தொடங்கியதால், தினசரி வாசிப்பிலிருந்து பத்துக் கட்டளைகளை எடுத்துவிட்டதாகத் தல்மூத் சொல்கிறது.

"முழு ஆத்துமாவோடும்" என்ற சொற்களுக்கு "அவர் உன் உயிரை எடுத்தாலும்" என்றும், "முழுப் பலத்தோடும்" என்பதற்கு "உன் சொத்து முழுவதோடும்" என்றும் மிஷ்னா பொருள் சொல்கிறது. ரபி அகீவாவின் மரணம் பேசப்படும்போதெல்லாம் இந்த விளக்கமும் சேர்ந்தே வரும். ரோமர்கள் அவரைக் கொல்லக் கொண்டுபோனபோது அது ஷெமா வாசிக்கும் நேரம். இரும்புச் சீப்புகளால் அவர் சதையைக் கிழித்துக்கொண்டிருக்க, அவர் ஷெமா சொல்லிக்கொண்டிருந்தார். "ஆசிரியரே, இதுவரைக்குமா?" என்று மாணவர்கள் கேட்டார்கள். "இந்த வசனத்தை எப்போது நிறைவேற்றுவேன் என்று என் வாழ்நாளெல்லாம் தவித்தேன். இப்போது கைக்கு வந்திருக்கும்போது விட்டுவிடுவேனா?" என்றார். ஒருவர் என்று பொருள்படும் "எகாத்" என்ற கடைசிச் சொல்லை நீட்டிச் சொன்னபடியே உயிர் பிரிந்தது என்கிறது தல்மூத். மரணப் படுக்கையில் யூதர்கள் ஷெமா சொல்லும் வழக்கத்தைப் பற்றிப் பேசும்போது முதலில் நினைவுகூரப்படுவது அகீவாதான். இங்கேயும் கவனியுங்கள், அவர் விடுதலை கேட்கவில்லை. நேரம் வந்தது, வாசித்தார்.

கடைசியாக மொழி. எபிரேயம் கட்டாயம் இல்லை. எந்த மொழியிலும் சொல்லலாம் என்று மிஷ்னா பட்டியலிடும் சிலவற்றில் ஷெமாவும் ஒன்று. செசரியா துறைமுக நகரத்தில் ஜெப ஆலயத்தில் ஷெமாவைக் கிரேக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்ததைக் கேட்ட ஒரு ரபி, அதை நிறுத்த நினைத்தார் என்று எருசலேம் தல்மூத் சொல்கிறது. ரபி யோசே இதைக் கேட்டுக் கோபப்பட்டார். எபிரேய எழுத்து படிக்கத் தெரியாதவன் வாசிக்காமலே இருக்க வேண்டுமா, தெரிந்த மொழியில் வாசித்துக் கடமையை முடிக்கட்டும் என்றார். "கேள்" என்பதற்கு, உனக்குக் கேட்டுப் புரிகிற எந்த மொழியிலும் என்றே ரபிகள் பொருள் கொண்டார்கள். நடைமுறையில் பெரும்பாலான யூதர்கள் எபிரேயத்தில்தான் வாசிக்கிறார்கள். பொருள் தெரியாதவர் முதல் வசனத்தின் பொருளையாவது முன்பே தெரிந்துகொண்டு வர வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். இல்லையென்றால் அந்த வசனத்துக்குத் தேவையான கவனம் அவருக்கு எங்கிருந்து வரும்?